லொகேஷன் வந்தாச்சு... இடம் வந்ததா?

2021 ஏப்ரல் மாதம். இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில், மகெலாங் மாவட்டத்து பாகிஸ் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்து இறங்குகிறது. வீட்டில் விசேஷக் களை. உள்ளே பெண்ணுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருக்கிறது. வந்தவர்களை வரவேற்று, சீர்த்தட்டுகளையும் வாங்கி வைத்துவிட்டார்கள். சிறிது நேரம் கழித்துத்தான் இரு தரப்புக்கும் உறைத்தது: வந்திருப்பது நம் சம்பந்தி இல்லை! அந்த வீட்டில் அன்று நிச்சயதார்த்தம். வந்தவர்கள் போகவேண்டியது அதே பகுதியில் இன்னொரு குக்கிராமத்தில் இருந்த கல்யாண வீடு. கையில் இருந்த போன் மேப் லோசாரி என்ற குக்கிராமத்துக்கு அழைத்து வந்துவிட்டது, போகவேண்டியது ஜெங்கோல். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவர்கள் கிளம்பிய வீடியோ உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது.

நம்மூரில் யாரும் பெரிதாகச் சிரிக்க முடியாது. ஆறு மணி முகூர்த்தத்துக்குக் கிளம்பி, தாலி கட்டி முடிந்து, பந்தியில் இரண்டாவது பாயசம் போகும் நேரத்தில் மண்டபத்துக்குள் நுழைந்தவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். கேட்டால் ஒரே பதில்தான். ‘லொகேஷன் போட்டுத்தானே வந்தோம்!’

அவர்கள் சொல்வது பொய்யில்லை. லொகேஷன் போட்டார்கள். ஆனால் வந்த லொகேஷன் எதைக் காட்டுகிறது என்று பார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொட்டோம், மேப் திறந்தது, நீலக் கோடு விழுந்தது, ‘ஸ்டார்ட்’ அழுத்தினோம். நடுவில் அரை நிமிடம் நின்று படிக்கவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதைத் தாண்டிவிடுகிறோம்.

மாமா அனுப்பியது மாமா வீட்டை

வாட்ஸ்அப்பில் இடம் இரண்டு உருவத்தில் வரும். ஒன்று, சின்ன மேப் படமும் அதன்மேல் ஒரு பின்னும் கொண்ட கட்டம். இன்னொன்று, நீல எழுத்தில் ஒரு லிங்க். இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

முதலில் கட்டத்தைப் பார்ப்போம். பேப்பர் க்ளிப் குறியைத் தொட்டு, “Location” என்பதைத் தேர்ந்தெடுத்தால் அனுப்புகிறவருக்குச் சில வழிகள் கிடைக்கும். “Send your current location” என்பது அவர் போன் அந்த நொடியில் எங்கே இருக்கிறதோ அந்த இடம். அதற்குக் கீழே பக்கத்துக் கடைகள், கோயில்கள், பள்ளிகள் என்று ஒரு பட்டியல் வரும். அதில் ஒன்றைத் தொட்டால், அவர் நிற்கும் இடம் போகாது. அந்தக் கடையை யாரோ எப்போதோ மேப்பில் எங்கே குறித்துவைத்தார்களோ அந்த இடம்தான் போகும்.

பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ‘மாமா, மண்டபத்து லொகேஷன் அனுப்புங்க’ என்று கேட்கிறோம். மாமா வீட்டு ஹாலில் சோபாவில் உட்கார்ந்தபடி “Send your current location” அழுத்திவிடுகிறார். மேப் படம் வந்துவிட்டது, பின் இருக்கிறது, நமக்கும் திருப்தி. மறுநாள் காலை மாமா வீட்டுப் பூட்டிய கதவின் முன்னால் பட்டுப்புடவையோடு நிற்கவேண்டியதுதான். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த இடமாக இருந்தால் படத்துக்குக் கீழே இடத்தின் பெயர் வரும். தற்போதைய இடமாக இருந்தால் பெயர் இருக்காது, வெறும் பின் மட்டும். பெயரில்லாத பின் வந்தால், ‘இதை அனுப்பும்போது நீங்க எங்க இருந்தீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு விஷயம் அனுப்புகிறவருக்கு மட்டுமே தெரியும். அனுப்பும் திரையில் “Accurate to 15 meters” என்பதுபோல் ஒரு வரி ஓடும். திறந்த வெளியில் நின்றால் அந்த எண் சில மீட்டருக்கு இறங்கும். மண்டபத்தின் தரைத்தளச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நின்றால் சாட்டிலைட் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் நூறு, இருநூறு என்று ஏறும். அந்த எண் நமக்கு வரும் கட்டத்தில் தெரியாது. நமக்கு எல்லாப் பின்னும் ஒரே கூர்மையோடு குத்திட்டு நிற்கும்.

ஊரைச் சொல்லும் முழு எண்

பின் என்பது படம்தான். உண்மையில் வருவது இரண்டு எண்கள். முதலாவது அட்சரேகை, பூமத்தியரேகையிலிருந்து எவ்வளவு வடக்கே என்பது. அடுத்தது தீர்க்கரேகை, கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே என்பது. பள்ளிக்கூடத்தோடு விட்ட பாடம் என்று பயப்படவேண்டாம். தமிழ்நாட்டுக்குள் இருக்கும் வரை கணக்கு ரொம்பச் சுருக்கம். கன்னியாகுமரி 8-க்குச் சற்று மேலே தொடங்குகிறது, வட எல்லை 13-ஐத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் முடிகிறது. மேற்கே 76, கிழக்கே 80. ஆக, புள்ளிக்கு முன்னால் உள்ள முழு எண், முதலாவதில் 8 முதல் 13 வரையும், இரண்டாவதில் 76 முதல் 80 வரையும் இருக்கவேண்டும்.

இது எதற்கு உதவும்? கே.கே. நகரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒன்று, திருச்சியில் ஒன்று, மதுரையில் ஒன்று. பத்திரிகையில் ‘கே.கே. நகர்’ என்று மட்டும் போட்டு, ஒரு லிங்க்கும் கொடுத்திருக்கிறார்கள். லிங்க்கில் உள்ள முதல் எண் 13.04 என்று தொடங்கினால் சென்னை. 10.7 என்றால் திருச்சி. 9.9 என்றால் மதுரை. கோவை 11.0-ஐ ஒட்டி, இரண்டாவது எண் 76.9. நெல்லை 8.7. சேலம் 11.6. உங்கள் ஊரின் இரண்டு எண்களையும் ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால், வருகிற லிங்க் ஊருக்குள்ளா ஊர் தாண்டியா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். யாழ்ப்பாணம் 9.6, 80.0 என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். சம்பந்தம் கடல் தாண்டியும் நடக்கிறது.

எண்களைக் கையால் எழுதி அனுப்புகிறவர்கள் சிலர் வரிசையை மாற்றிவிடுவார்கள். 80.27, 13.03 என்று போட்டால் மேப் உங்களை ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே கொண்டுபோய் விடும். அதைப் பார்த்தால் யாருக்கும் தவறு தெரிந்துவிடும் என்பதால் அது ஆபத்தில்லாத தவறு.

ஆபத்து இருப்பது புள்ளிக்குப் பின்னால். இரண்டாவது தசமம் மாறினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் தள்ளிப்போகும். மூன்றாவது மாறினால் சுமார் 110 மீட்டர். நான்காவது 11 மீட்டர். ஒரு மண்டபத்து வாசலைச் சொல்ல நான்கு தசமம் தேவை, ஐந்து இருந்தால் தாராளம். ‘13.03, 80.27’ என்று இரண்டு தசமத்தோடு நின்றால் அது ஒரு பேட்டையைச் சொல்கிறதே தவிர வாசலைச் சொல்லவில்லை.

சுழியத்தில் முடியும் எண்களைக் கண்டால் இன்னும் உஷாராக இருக்கவேண்டும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் போட்வின் என்ற சின்ன ஊருக்கருகே ஒரு பண்ணை வீடு. அங்கே வருடக்கணக்காக போலீஸும், ஏமாந்துபோனவர்களும், காணாமல்போனவர்களைத் தேடுகிறவர்களும் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 2016-ல்தான் காரணம் வெளியே வந்தது. இணைய முகவரிகளை ஊரோடு பொருத்தும் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், ‘அமெரிக்காவுக்குள் எங்கோ’ என்று மட்டும் தெரிந்த கோடிக்கணக்கான முகவரிகளுக்கு நாட்டின் நடுப்புள்ளியைத் தோராயமாக்கி 38.0000, -97.0000 என்று போட்டுவைத்திருந்தது. அந்தப் புள்ளி அந்தப் பண்ணையில் விழுந்தது. ‘தெரியாது’ என்று சொல்லவேண்டிய இடத்தில் கணினி ஒரு பின்னைக் குத்தியது. பார்த்தவர்கள் அதை முகவரி என்று நம்பினார்கள். விஷயம் வெளியானதும் அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்கு நடுவே மாற்றினார்கள்.

லிங்க்குக்குள் இருக்கும் இரண்டு ஜோடி

இனி நீல எழுத்து லிங்க். கூகுள் மேப்பில் ‘ஷேர்’ அழுத்தினால் பெரும்பாலும் `maps.app.goo.gl` என்று தொடங்கி, பல எழுத்துகளும் எண்களும் புரியாத வரிசையில் வரும். இது சுருக்கிய வடிவம். இதில் படிக்க ஒன்றும் இல்லை. கணினியில் வாட்ஸ்அப் வெப் வைத்திருப்பவர்கள் அதை க்ளிக் செய்துவிட்டு, மேப் முழுதாகத் திறந்தபின் மேலே உள்ள முகவரிப் பட்டையைப் பார்க்கவேண்டும். அங்கே முழு லிங்க் விரிந்திருக்கும். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலைத் தேடி அனுப்பினால் ஏறத்தாழ இப்படி இருக்கும். நடுவில் உள்ள நீளமான அடையாளக் குறியை விட்டுவிட்டு, எண்களை நான்கு தசமத்துக்குச் சுருக்கிக் காட்டுகிறேன்:

```
https://www.google.com/maps/place/Kapaleeshwarar+Temple/
@13.0337,80.2672,17z/data=...!3d13.0337!4d80.2698...
```

இதில் எண்கள் இரண்டு ஜோடியாக வருகின்றன. @ குறிக்குப் பின்னால் ஒரு ஜோடி, `!3d` `!4d` என்பவற்றுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி. அவசரத்தில் எல்லாரும் முதலில் கண்ணில் படும் @ ஜோடியைத்தான் நகலெடுப்பார்கள். அதுதான் தவறு. @ ஜோடி கோயில் இருக்கும் இடமில்லை. திரையின் நடுமையம் எது என்பது மட்டுமே. மேப்பைக் கையால் நகர்த்தினால் அந்த எண்ணும் நகரும். கோயில் நகராது. கோயிலின் பின் இருப்பது `!3d`-க்குப் பின்னால் உள்ள அட்சரேகையிலும், `!4d`-க்குப் பின்னால் உள்ள தீர்க்கரேகையிலும்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். அட்சரேகை இரண்டு ஜோடியிலும் ஒன்றே. தீர்க்கரேகையில் 80.2672, 80.2698 என்று 0.0026 இடிக்கிறது. சென்னையில் அது தோராயமாக 280 மீட்டர். @ எண்ணை நம்பிப் போனால் கோயிலுக்கு மேற்கே, தெப்பக்குளம் இருக்கும் திசையில், 280 மீட்டர் தள்ளி நிற்பீர்கள்.

இது தற்செயல் இல்லை. கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து ஓர் இடத்தைத் தேடினால் இடதுபக்கம் அந்த இடத்தின் படமும் விவரமும் அடங்கிய பலகை வந்து உட்கார்ந்துகொள்ளும். மிச்சமுள்ள பகுதியின் நடுவில் பின் தெரியவேண்டும் என்பதால் மேப் வலப்பக்கம் ஒதுங்குகிறது. @ எண் பலகையையும் சேர்த்த முழுத் திரையின் நடுவைச் சொல்கிறது. ஆகவே 17z என்ற அளவில் பெரிதாக்கிய மேப்பில், பலகை திறந்திருக்கும்போது, @ எண் எப்போதும் பின்னுக்கு மேற்கே சுமார் 280 மீட்டர் விலகியிருக்கும். 16z என்றால் அது இரட்டிப்பாகும். அட்சரேகை சரி, தீர்க்கரேகை கொஞ்சம் குறைவு என்ற இந்த அமைப்பு எங்கே தென்பட்டாலும், யாரோ @ ஜோடியை நகலெடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்லலாம். கல்யாணப் பத்திரிகை அச்சிடும் இடத்தில் க்யூஆர் கோடு உருவாக்குகிறவர் இப்படி நகலெடுத்தால், ஆயிரம் பத்திரிகையும் இருநூற்றுச் சொச்சம் மீட்டர் மேற்கே சாய்ந்தே போகும்.

கணினியில் சரியான எண்ணை எடுக்க இன்னும் சுலபமான வழி இருக்கிறது. முகவரிப் பட்டையை விட்டுவிடுங்கள். மேப்பில் வாசல் இருக்கும் புள்ளியின்மேல் மவுஸை வைத்து வலது க்ளிக் செய்தால், வரும் பட்டியலின் முதல் வரியே இரண்டு எண்கள்தான். அதைத் தொட்டால் நகல் ஆகிவிடும். அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டலாம்.

வாட்ஸ்அப் கட்டத்திலிருந்து வரும் லிங்க் இவ்வளவு சிக்கல் இல்லாதது. கணினியில் அதைத் தொட்டால் `q=13.0337%2C80.2698` என்பதுபோல் இருக்கும். நடுவில் உள்ள `%2C` வெறும் காற்புள்ளி. இங்கே q-க்குப் பின்னால் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தால் கவலையில்லை, யார் எங்கிருந்து திறந்தாலும் அதே புள்ளி. ஐபோன்காரர்கள் ஆப்பிள் மேப்பிலிருந்து அனுப்பும் லிங்க்கில் `ll=` என்பதற்குப் பின்னால் எண்கள் இருந்தால் அதுவும் அப்படியே.

பெயர் மட்டும் வந்தால்

q-க்குப் பின்னால் எண்ணுக்குப் பதில் பெயர் இருந்தால்தான் யோசிக்கவேண்டும். `q=Sri+Lakshmi+Mahal` என்று வரும் லிங்க்கில் எந்த இடமும் இல்லை. ‘இந்தப் பெயரைத் தேடு’ என்ற ஏவல் மட்டுமே இருக்கிறது. அனுப்பியவர் சேலத்தில் உட்கார்ந்து திறந்தால் சேலத்துக்கு அருகில் இருக்கும் லட்சுமி மகால் வரும். தாம்பரத்தில் இருந்து நீங்கள் திறந்தால் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது வர வாய்ப்பிருக்கிறது. இருவர் திரையிலும் ஒரே பெயர். ‘பெயர் சரியாத்தானே இருக்கு’ என்று இருவரும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். லட்சுமி மகால் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

பெயரைத் தமிழில் தட்டியிருந்தால் லிங்க்கில் அது தமிழாகத் தெரியாது. `%E0%AE`, `%E0%AF` என்று மூச்சுவிடாமல் ஒரு வரிசை ஓடும். தமிழ் எழுத்துகளை இணையம் அப்படித்தான் சுமந்து செல்கிறது. அந்த வரிசையைக் கண்டால், உள்ளே தமிழ்ப் பெயர் ஒன்று இருக்கிறது என்று புரிந்துகொண்டு, கூடவே எண்ணும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பெயரோடு `ftid=` என்று ஒரு குறி சேர்ந்து வந்தால் நிலைமை மேல். அது கூகுள் ஒவ்வோர் இடத்துக்கும் கொடுத்திருக்கும் தனி அடையாளம். ஆயிரம் லட்சுமி மகால் இருந்தாலும் அந்த ஒன்றைத்தான் திறக்கும். ஆனால் அந்த ஒன்றின் பின்னைச் சரியான இடத்தில் குத்தியிருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. மேப்பில் கடையையோ மண்டபத்தையோ சேர்க்க யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். மண்டபம் புதுக் கட்டடத்துக்கு மாறியபின்னும் பழைய பின் அப்படியே இருப்பதுண்டு. அனுப்பியவர் கைக்குச் சிக்கியது பக்கத்து ஊரின் அதே பெயர்க் கிளையாகவும் இருக்கலாம்.

‘டைரக்‌ஷன்’ லிங்க் என்று ஒரு வகை உண்டு. முகவரியில் `/maps/dir/` என்று இருக்கும். இதில் புறப்படும் இடமும் சேரும் இடமும் சேர்ந்தே வரும். கடைசியில் இருப்பதுதான் போகவேண்டிய இடம். அனுப்பியவரின் வீடு புறப்படும் இடமாக இருந்தால் அவர் வீட்டு முகவரியும் சேர்ந்து ஊர் முழுக்கப் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போனில் எப்படிப் பார்ப்பது?

கணினி இல்லாதவர்கள்தான் அதிகம். போனில் லிங்க்கைத் தொட்டால் நேராக மேப் செயலி திறந்துவிடுகிறது, முகவரிப் பட்டையே இல்லை. பரவாயில்லை. ‘ஸ்டார்ட்’ அழுத்தாமல் பின்னைச் சுற்றி விரலால் பெரிதாக்குங்கள். பின் குத்திய இடத்தை ஒட்டி விரலை ஒரு நொடி அழுத்திப் பிடித்தால் புதிதாகச் சிவப்புப் பின் ஒன்று விழும். அதற்குரிய இரண்டு எண்களும் திரையில் தோன்றும். முழு எண்ணைப் பார்த்து ஊர் சரிதானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சில சமயம் எண்கள் 13°02'01.3"N 80°16'11.3"E என்ற பழைய வடிவில் வரும். பாகை, நிமிடம், விநாடி. இது 13.0337, 80.2698 என்பதையே வேறு விதமாகச் சொல்வது. இதைக் கையால் இன்னொருவருக்குத் தட்டி அனுப்பும்போது குறிகளை விட்டுவிட்டு 13.0201 என்று எழுதிவிடக் கூடாது. நிமிடமும் விநாடியும் அறுபதில் ஓடுகின்றன, தசமம் பத்தில் ஓடுகிறது. அப்படி எழுதினால் இடம் ஒன்றரைக் கிலோமீட்டர் தெற்கே போய்விடும்.

இடத்தின் விவரப் பலகையை மேலே இழுத்தால் முகவரிக்கு அருகில் `27M9+FW Chennai` என்பதுபோல் ஒரு குறி தெரியும். ப்ளஸ் கோடு என்று பெயர். கூகுள் உருவாக்கியது. மேலே சொன்ன கபாலி கோயில் எண்களுக்குரிய குறிதான் இது. ஒரு ப்ளஸ் கோடு ஏறத்தாழ 14 மீட்டருக்கு 14 மீட்டர் கட்டம் ஒன்றைக் குறிக்கும். போனில் வாயால் சொல்ல, காகிதத்தில் எழுதிக்கொடுக்க இரண்டு நீள எண்களைவிட இது சௌகரியம். ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஊர் இல்லாமல் `27M9+FW` மட்டும் சொன்னால் அது வேறு ஊர்களிலும் திரும்ப வரும் குறி.

பிறகு சாட்டிலைட் படத்துக்கு மாறுங்கள். அடுக்கடுக்கான தாள் போன்ற குறியைத் தொட்டால் வரும். கோட்டுப் படத்தில் சாம்பல் கட்டமாகத் தெரிந்த இடம் உண்மையில் மண்டபமா, காலி மனையா, தென்னந்தோப்பா என்பது அப்போது தெரியும். மண்டபம் என்றால் பெரிய கூரையும், முன்னால் வண்டி நிறுத்த வெட்டவெளியும் இருக்கவேண்டும். பின் ஏதோ வீடுகளுக்கு நடுவே விழுந்திருந்தால் சந்தேகப்படலாம். சென்னைபோன்ற ஊர்களில் 2022 ஜூலையிலிருந்து ஸ்ட்ரீட் வியூ இருக்கிறது. வாசலில் எழுதியிருக்கும் பெயர்ப்பலகையையே படித்துவிடலாம், படம் எடுத்த நாள் பழையதாக இல்லாவிட்டால்.

பின் சரி, வாசல் தப்பு

இவ்வளவும் பார்த்து, பின் சரியான கட்டடத்தின்மேல்தான் இருக்கிறது என்று உறுதியானாலும் ஒரு கண்டம் பாக்கி. பின் பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் இருக்கும். வண்டி கட்டடத்தின் நடுவுக்குப் போகாது. ஆகவே மேப் அந்தப் பின்னுக்கு மிக அருகில் எந்தத் தெரு ஓடுகிறதோ அதில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும். அந்தத் தெரு வாசல் தெருவா, பின்பக்கச் சந்தா என்பது பல நேரம் அதற்குத் தெரியாது. கபாலீஸ்வரர் கோயிலிலேயே ராஜகோபுரம் கிழக்கே, தெப்பக்குளம் மேற்கே. ‘கோயில்ல சந்திப்போம்’ என்று லிங்க் அனுப்பிய இருவர் கிழக்கிலும் மேற்கிலுமாக நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளலாம். பின்மேல் எந்தப் பிழையும் இருக்காது.

தாம்பரத்தில் இது இன்னும் கடுமை. ரயில் பாதை ஊரைக் கிழக்கு, மேற்கு என்று வகிர்ந்து போகிறது. பாதைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கும் ஒரு கட்டடத்துக்கு மேற்குப் பக்கச் சாலை நேர்க்கோட்டில் கிட்டத்தில் இருந்தால் வண்டி அங்கே போய் நிற்கக்கூடும். கட்டடம் கண்ணுக்குத் தெரியும். நடுவில் தண்டவாளம். காரில் மறுபக்கம் போக மேம்பாலமோ சுரங்கப்பாதையோ தேடிச் சுற்றவேண்டும். ஆற்றங்கரை ஊர்களில் ஆறு குறுக்கே வரும், நெடுஞ்சாலையில் நடுத்தடுப்பு வரும். கதை ஒன்றுதான்.

இதைப் புறப்படும் முன்பே கண்டுபிடிக்கலாம். வழியை வரைந்தபின் மேப்பைக் கடைசி நூறு மீட்டருக்குப் பெரிதாக்குங்கள். நீலக் கோடு பின் வரைக்கும் போய் ஒட்டுகிறதா, அல்லது சாலையில் நின்றுவிட்டு அங்கிருந்து பின்னுக்குச் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒரு கோடு போகிறதா என்று பாருங்கள். புள்ளிக்கோடு வந்தால் அதன் பொருள்: ‘இதுவரை கொண்டுவந்து விடுகிறேன், மிச்சத்தை நீயே பார்த்துக்கொள்.’ அந்தப் புள்ளிக்கோடு எதைக் குறுக்கே கடக்கிறது என்பதுதான் கேள்வி. நடைபாதையைக் கடந்தால் சரி. தண்டவாளத்தையோ வாய்க்காலையோ உயரமான மதில்சுவரையோ கடந்தால், வாசல் எந்தத் தெருவில் என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு, அந்தத் தெருவில் விரலை அழுத்தி, நீங்களே ஒரு பின் குத்தி அதற்கு வழி போடுங்கள்.

லைவ் லொகேஷன் பற்றி ஒரு வரி. 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று மூன்று அளவில்தான் அதை அனுப்ப முடியும். அது ஆளைப் பின்தொடர்வது, இடத்தைச் சொல்வதில்லை. முந்தின நாள் மண்டபத்திலிருந்து அனுப்பிய லைவ் லொகேஷனை மறுநாள் காலை திறந்தால் ஒன்றும் இருக்காது. கூடவே ஓர் எச்சரிக்கை: அழைப்பிதழ் என்ற பெயரில் `.apk` என்று முடியும் ஃபைல் வந்தால் அது மேப்பும் இல்லை, பத்திரிகையும் இல்லை, போனுக்குள் புகுந்துகொள்ளும் செயலி. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வந்தாலும் தொடவேண்டாம்.

பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் வீட்டாரிடம் கேட்டுக்கொள்வது இதுதான். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகும் நாளிலேயே, விருந்தாளிகள் வண்டி நுழையும் கேட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் நில்லுங்கள். துல்லியத்தைக் காட்டும் அந்த மீட்டர் எண் பத்துக்குக் கீழே இறங்கும்வரை பொறுத்திருந்து உங்கள் எண்ணுக்கே லொகேஷனை அனுப்பிக்கொள்ளுங்கள். க்யூஆர் கோடுக்கு அந்த எண்களைக் கொடுங்கள். கேட் எந்தச் சாலையில், எதற்கு எதிரில் என்று ஒரு வரியும் பத்திரிகையில் இருக்கட்டும். அச்சுக்குப் போகும் முன்பு, மதுரையிலோ கோவையிலோ இருக்கும் உறவினர் ஒருவருக்கு அந்த க்யூஆர் கோடை அனுப்பி, அவர் போனில் திறந்தால் என்ன வருகிறது என்று ஸ்க்ரீன்ஷாட் கேட்டு வாங்குங்கள். உங்கள் திரையில் தெரிவதும் அவர் திரையில் தெரிவதும் ஒரே கேட்டாக இருந்தால் அச்சடிக்கலாம்.